அவர் நல்லவர்தான், ஆனால்…



கணவன் மனைவி பிணக்குகள் பேசித் தீர்க்கப்படும் இடங்களில் அண்மைக் காலமாக ஒரு வாக்கியத்தை நாம் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். "அவர் நல்லவர்தான், ஆனால்…" என்று அது தொடங்குகிறது. தொழுகையை விடுவதில்லை, குடிப்பழக்கம் இல்லை, செலவுக்குத் தருகிறார், ஒரு நாளும் கை நீட்டியதில்லை. ஆனால் ஏதோ ஒன்று இல்லை. அது என்னவென்று பெரியவர்கள் கேட்டால் தெளிவான பதில் வருவதில்லை. ஆண்களிடமும் இதே குறை உண்டு. "அவள் நல்லவள்தான், ஆனால்…" என்று அவர்கள் தொடங்குகிறார்கள். அவர்களாலும் வாக்கியத்தை முடிக்க இயலவில்லை.

அந்த "ஏதோ ஒன்று" பெரும்பாலும் வீட்டுக்குள் பிறந்ததன்று என்பது நம் கருத்து. திரைப்படத்திலும் கைப்பேசியிலும் பல ஆண்டுகளாகப் பார்த்துப் பார்த்து உள்ளத்தில் படிந்த ஓர் அளவுகோல் அது. படம் பார்க்கலாமா கூடாதா என்ற மார்க்கத் தீர்ப்பை இங்கே நாம் பேச வரவில்லை. பார்த்து முடித்தவர்களின் நெஞ்சில் என்ன தங்குகிறது, அது வீட்டுக்குள் என்ன செய்கிறது என்பதையே பார்க்கப் போகிறோம்.

நினைவில் நின்றவன் யார்?

1986ஆம் ஆண்டு மணிரத்னம் இயக்கத்தில் வெளிவந்த "மௌன ராகம்" படத்தை எடுத்துக்கொள்வோம். நம் தாய்மார் காலத்துப் படமாயினும், தொலைக்காட்சி வழியாக நம் தலைமுறைக்கும் அது நன்கு தெரியும். திவ்யா என்ற பெண் விருப்பமின்றிச் சந்திரகுமாருக்கு மணமுடிக்கப்பட்டு தில்லிக்குச் செல்கிறாள். என்ன பரிசு வேண்டும் என்று கேட்கும் கணவனிடம் விவாகரத்து வேண்டும் என்கிறாள். காரணம், அவள் முன்பு நேசித்து இழந்துவிட்ட மனோகர். சந்திரகுமார் அவளுடைய கடந்த காலத்தைப் பொறுமையாகக் கேட்கிறான். அதற்காக அவளைக் குற்றம் சொல்லவில்லை. அவள் கேட்ட விவாகரத்துக்கும் ஒப்புக்கொள்கிறான். நீதிமன்றம் ஓராண்டு காத்திருக்கச் சொல்கிறது. அந்த இடைவெளியில்தான் அவள் அவனை அறிந்துகொள்கிறாள்.

இப்படம் கணவனின் பக்கம் நிற்கும் படம். பரபரப்பான காதலனை நினைத்து ஏங்கும் ஒரு பெண், பரபரப்பில்லாத ஒரு மனிதனின் மதிப்பைக் கண்டுகொள்வதே அதன் கதை. ஆனால் பார்த்தவர்களின் நினைவில் நின்றவன் யார்? மனோகர் வருவது கடந்த காலத்தைச் சொல்லும் ஒரு பகுதியில் மட்டுமே. பலர் அமர்ந்திருக்கும் உணவகத்தில், காதலியின் தந்தையை "மிஸ்டர் சந்திரமௌலி" என்று அவன் உரக்க அழைக்கும் காட்சி இன்றும் பேசப்படுகிறது. 32 ஆண்டுகளுக்குப் பின், 2018இல், மனோகராக நடித்த கார்த்திக்கும் அவருடைய மகனும் சேர்ந்து நடித்த ஒரு படத்துக்கு அந்த அழைப்பே பெயராக வைக்கப்பட்டது. கணவன் சொன்ன சொல் எதற்கும் அந்த வாழ்வு கிட்டவில்லை.

இதற்குக் காரணம் திரையின் இயல்பிலேயே இருக்கிறது. கூச்சலும் துணிச்சலும் அரை நிமிடத்தில் கண்ணுக்குத் தெரியும். பொறுமை அப்படித் தெரியாது. அதைக் காண நாள் கணக்கில் ஒருவரோடு இருக்க வேண்டும். ஆகவே, நல்ல கணவனைக் காட்ட விரும்பிய அப்படமே ஒரு சம்பவத்தின் துணையை நாட வேண்டியிருந்தது. சந்திரகுமார் தொழிலாளர் தகராறில் தாக்கப்பட்டுப் படுக்கையில் விழுகிறான். அவனுக்குப் பணிவிடை செய்யும் நாட்களில்தான் மனைவியின் மனம் திரும்புகிறது.

நம் வீடுகளில் அப்படியொரு சம்பவம் நடப்பதில்லை, நடக்கவும் வேண்டாம். ஆகவே நம் வீட்டுச் சந்திரகுமார்கள் கடைசி வரை கண்ணில் படாமலே போய்விடுகிறார்கள்.

முப்பது நொடியில் ஒரு கணவன்

முழுப் படம் பார்த்தவராவது, கதை எங்கே போய் முடிந்தது என்பதைப் பார்த்தார். இன்று பிள்ளைகள் கையில் இருப்பது படமன்று, துணுக்கு. 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமின் ரீல்ஸ் வந்து அந்த இடத்தை நிரப்பியது. அதே மணிரத்னம் 2000ஆம் ஆண்டில் எடுத்த "அலைபாயுதே", காதலித்து மணந்த இருவர் மணத்துக்குப் பின் எப்படிச் சண்டையிட்டுச் சலித்துப் போகிறார்கள் என்பதை விரிவாகச் சொன்ன படம். ஆனால் கைப்பேசிகளில் சுற்றிவருவது ரயில் காட்சிகளும் பாடல்களுமே. சண்டையை யார் வெட்டி எடுத்துப் பகிர்வார்?

துணுக்குகளில் இன்னொரு வகை, உண்மையான தம்பதியர் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே படம்பிடித்து இடுவது. சினிமா பொய் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். இது உண்மை என்று நம்புகிறார்கள். ஆகவே அது ஆழமாகப் பாய்கிறது. இத்தகைய காட்சி எப்படி உருவாகிறது என்பதைச் சற்று நிதானித்துப் பார்ப்போம்.

மனைவி கதவைத் திறந்து உள்ளே வருகிறாள். அறை முழுதும் விளக்குகள், பூக்கள். அவள் வியந்து வாயைப் பொத்திக்கொள்கிறாள். உடனே காட்சி மாறிக் கணவனின் புன்னகை தெரிகிறது. மறுபடி அவள் கண்ணீர். இதைப் பார்க்கும்போது ஒரே ஒரு கேள்வியைக் கேட்டால் போதும்: கைப்பேசி எங்கே இருந்தது? அவள் முகத்தைப் பார்த்தபடி அறைக்குள் அது முன்னதாகவே பொருத்தப்பட்டிருக்கிறது. ஒரே கேமரா ஒரே நேரத்தில் எதிரெதிரே இருக்கும் இரு முகங்களைப் பிடிக்க இயலாது. ஆகவே, ஒன்று இன்னொரு கேமரா இருந்திருக்க வேண்டும், அல்லது அந்த வியப்பு இரண்டு முறை நடந்திருக்க வேண்டும். காட்சியின் ஓரத்தில் `Paid partnership` என்ற சிறிய எழுத்து இருந்தால், அந்த நகைப் பெட்டியோ கேக்கோ ஒரு நிறுவனத்தின் விளம்பரம் என்று பொருள். விளம்பரத்தை இவ்வாறு வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்று இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021இல் நெறிமுறை வகுத்தது. எல்லோரும் அதைப் பின்பற்றுகிறார்கள் என்று சொல்வதற்கில்லை.

அத்தம்பதியர் பொய்யர்கள் என்பது நம் வாதமன்று. அவர்களுக்குள் அன்பு இருக்கலாம். ஆனால் நாம் பார்ப்பது அவர்களின் தொழிலை. இருபது தம்பதியரைப் பின்தொடரும் ஒருவர், இருபது கணவர்களின் மிகச் சிறந்த அரை நிமிடத்தைப் பத்து நிமிடங்களில் பார்த்துவிடுகிறார். ஒருவன் கவிதை சொல்கிறான், ஒருவன் சமைக்கிறான், ஒருவன் மாலத்தீவுக்கு அழைத்துச் செல்கிறான். உள்ளம் இந்த இருபது பேரையும் சேர்த்து ஒரே கணவனாக்கிக்கொள்கிறது. பின்பு அந்த இல்லாத மனிதனோடு, இருபத்துநான்கு மணி நேரமும் கண்ணெதிரே இருக்கும் ஒரு மனிதன் ஒப்பிடப்படுகிறான். மேலும், எதை நாம் கடைசி வரை பார்க்கிறோமோ அதைப் போன்றதையே அச்செயலி அடுத்தடுத்துக் கொடுக்கும். மனம் தளர்ந்த ஓர் இரவில் இத்தகைய இரண்டைப் பார்த்தால், மறுநாள் பத்து வரும்.

சீராவையும் வெட்டுகிறார்கள்

"நாங்கள் சினிமா பார்ப்பதில்லை, மார்க்கப் பதிவுகளையே பார்க்கிறோம்" என்று சொல்லும் குடும்பங்களுக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் வைத்ததும், அன்னை வாய்வைத்துப் பருகிய இடத்திலேயே வாய்வைத்துப் பருகியதும் மெல்லிய பின்னணி ஓசையோடு துணுக்குகளாக வருகின்றன. இவை ஹதீஸ் நூல்களில் உள்ளவையே. ஆனால் படத்துக்கு நேர்ந்த அதே வெட்டு இங்கும் நேர்கிறது.

அந்தப் பந்தயம் இருமுறை நடந்தது. முதல் முறை அன்னை வென்றார்கள். பின்னொரு காலத்தில், அன்னையின் உடல் பருமனாகிவிட்ட பின், மறுபடி ஓடினார்கள். அப்போது நபியவர்கள் வென்றார்கள், அன்றைய தோல்விக்கு இது ஈடு என்று விளையாட்டாகச் சொன்னார்கள். துணுக்கில் வருவது பந்தயம் மட்டும். இடையில் கடந்த காலமும், மாறிப்போன உடலும், அதனால் குறைந்துவிடாத நேசமும் வெட்டுப்படுகின்றன. மணமாகிச் சில ஆண்டுகளில் மனைவியின் உடல் மாறிவிட்டது என்று முகம் சுளிக்கும் ஆண்கள் படிக்க வேண்டியது இரண்டாவது பந்தயத்தை.

அந்த வீட்டிலேயே, இரண்டு மாதங்களில் மூன்று பிறைகளைப் பார்த்தும் அடுப்பு எரியாத காலம் இருந்ததை, பேரீச்சம்பழமும் தண்ணீரும்தான் உணவாக இருந்ததை அன்னையே சொல்லியிருக்கிறார்கள். மனைவியர் கூடுதல் செலவுத்தொகை கேட்டபோது ஏற்பட்ட மனக்கசப்பில், நபியவர்கள் 29 நாட்கள் விலகியிருந்ததும் ஆதாரப்பூர்வமாகப் பதிவாகியுள்ளது. நபியவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்றே அன்னை பதிலளித்தார்கள். பசியும் கசப்பும் வீட்டு வேலையும் இருந்த வாழ்க்கையில்தான் அந்த ஓட்டப்பந்தயமும் இருந்தது. பந்தயத்தை மட்டும் வெட்டி எடுத்துக் கணவனிடம் காட்டினால், சுன்னத்தும் இன்னொரு சினிமாவாகிவிடும்.

ஒரு பௌர்ணமி இரவு

நம் திருவண்ணாமலையில் பல வீடுகளில் காண்பதைச் சேர்த்து, ஒரு வீடாக வைத்துப் பார்ப்போம். கணவருக்குப் பேருந்து நிலையப் பக்கம் பழக்கடை. மணமாகி ஆறு ஆண்டுகள், இரண்டு குழந்தைகள், சர்க்கரை நோயுள்ள மாமி. மாதந்தோறும் பௌர்ணமி வந்தால், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை நடந்து வர ஊர் கொள்ளாத கூட்டம் வரும். கடைக்காரர்களுக்கு அந்த ஓர் இரவின் வியாபாரம் பல நாட்களுக்குச் சமம். அன்று அவர் வீடு திரும்புவது பஜ்ருக்குப் பிறகே.

ஒரு மாதம் அவர்களின் திருமண நாள் அந்தப் பௌர்ணமியில் வந்தது. மாலையில் தொலைபேசியில் பேசும்போது தலைவலிக்கிறது என்று மனைவி சொல்லியிருந்தார். இரவு பதினொரு மணிக்கு, குழந்தைகள் உறங்கிய பின் கைப்பேசியை எடுத்தார். மனைவியின் கண்ணைக் கட்டி மொட்டை மாடிக்கு அழைத்துச் சென்று மோதிரம் அணிவிக்கும் ஒரு கணவன் வந்தான். அவனைப் போல இன்னும் சிலர் வந்தார்கள். விடிந்ததும் இவருடைய கணவர் வந்தார். திருமண நாள் அவருக்கு நினைவில்லை. பையிலிருந்து குழந்தைகளுக்குப் பாலையும் ஒரு தலைவலி மாத்திரை அட்டையையும் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். மதியம் சண்டை வந்தது. "என் மேல் உங்களுக்குப் பாசமே இல்லை" என்றார் அவர். "இரவெல்லாம் யாருக்காக நின்றேன்?" என்றார் இவர்.

இருவர் சொன்னதிலும் உண்மை உண்டு. முதலில் அந்த மாத்திரையைப் பார்ப்போம். மாலையில் போகிறபோக்கில் சொன்ன ஒரு சொல்லை அவர் காதில் வாங்கினார். பெருங்கூட்டத்துக்கும் சில்லறைக்கும் இடையில் பன்னிரண்டு மணி நேரம் அதை மறக்காமல் வைத்திருந்தார். களைத்த காலோடு மருந்துக்கடையைத் தேடிப் போனார். இதைப் படம்பிடிக்க ஒன்றுமில்லை. வியக்கும் முகமில்லை, விளக்கு இல்லை, கொடுக்கும்போது ஒரு சொல்கூட இல்லை. அன்பைப் படமாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த அட்டை வெறும் மாத்திரை அட்டை.

இப்போது மறுபக்கம். ஒரு சொல் சொல்ல அவருக்குச் செலவு ஏதுமில்லை. ஒரு சகோதரனை நேசித்தால் அதை அவரிடம் தெரிவித்துவிட வேண்டும் என்று வழிகாட்டிய மார்க்கம் இது. சகோதரனுக்கே அப்படியென்றால் மனைவிக்குச் சொல்ல வேண்டாமா? "நான் உழைப்பதிலேயே தெரியவில்லையா" என்ற ஆண்களின் வாதம் அரைகுறையானது. உழைப்பு கடையில் நடக்கிறது; மனைவி அதைப் பார்ப்பதில்லை. வியாபாரம் மந்தமான பகல் நேரங்களில் அவரும் கைப்பேசியைப் பார்க்கிறார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அலங்காரத்தோடு வாசலில் நின்று சிரிக்கும் மனைவியரை அங்கே பார்த்துவிட்டு, எண்ணெய்க் கறை படிந்த உடையோடு கதவைத் திறப்பவளிடம் வருகிறார். அவர் வாயைத் திறந்து குறை சொல்வதில்லை. முகம் சொல்லிவிடுகிறது.

இவ்வீட்டாருக்கு நாம் சொல்வது ஒன்றுதான். விருப்பத்தை, செய்யக்கூடிய ஒரு செயலாக மாற்றிச் சொல்லுங்கள். "என்னை வியப்பில் ஆழ்த்த வேண்டும்" என்பது வேண்டுகோள் ஆகாது; மனத்தில் இருப்பதைச் சொல்லாமலே கண்டுபிடி என்ற தேர்வு அது. திரைக் காதலன் கண்டுபிடிப்பான், ஏனெனில் அவனுக்கு வசனம் எழுதித் தரப்பட்டிருக்கிறது. "ஜுமுஆ தொழுதுவிட்டு வந்து, கடை திறக்கும் முன் அரை மணி நேரம் கைப்பேசி இல்லாமல் என்னோடு உட்காருங்கள்" என்பது வேண்டுகோள். "பௌர்ணமி முடிந்து வரும் காலையில் மட்டும் குறைகளைச் சொல்லாதே, மாலையில் எல்லாவற்றையும் கேட்கிறேன்" என்பதும் அப்படியே. செய்தார்களா இல்லையா என்று ஒரு மாதத்தில் இருவருக்கும் தெரிந்துவிடும்.

உண்மைக் குறையை எப்படி அறிவது?

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். "சினிமாவைப் பார்த்துக் கெட்டுப்போய்விட்டாய்" என்று சொல்லி, உண்மையான துன்பத்தோடு வரும் பெண்ணைத் திருப்பி அனுப்பும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. இக்கட்டுரை அதற்குக் கருவியாகிவிடக் கூடாது. அடி, வசை, செலவுக்குத் தராமை, ஓயாத சந்தேகம், பிறர் முன் இழிவுபடுத்துதல் ஆகியவை எந்தத் திரையிலிருந்தும் வந்தவையல்ல.

வேறுபடுத்தி அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. முப்பது நாட்களுக்குத் தம்பதியர் துணுக்குகளையும் காதல் காட்சிகளையும் இருவருமே நிறுத்திவிடுங்கள். திரையிலிருந்து வந்த குறை உணவில்லாத செடி போல மெல்ல வாடும். வீட்டிலிருந்து வந்த குறை அப்படியே இருக்கும். சில வேளை முன்னைவிடத் தெளிவாகத் தெரியும். தெளிவாகத் தெரிந்தால் அதுவும் நன்மையே. இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை அமர்த்திப் பேசும் வழியைத் திருக்குர்ஆன் நான்காம் அத்தியாயம் காட்டியிருக்கிறது.

எல்லாம் செய்தும் மனம் ஒட்டவில்லை என்றால்? ஸாபித் பின் கைஸ் (ரலி) அவர்களின் மனைவி நபியவர்களிடம் வந்து, கணவரின் குணத்திலும் மார்க்கத்திலும் தாம் குறை காணவில்லை, ஆனாலும் அவரோடு வாழ இயலவில்லை என்றார்கள். நபியவர்கள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பித் தருவாரா என்று கேட்டு, பிரிவுக்கு வழி செய்தார்கள். "நல்லவர்தான், ஆனால்" என்ற வாக்கியம் உண்மையாகவே இருக்கக்கூடும் என்பதை மார்க்கம் ஏற்றிருக்கிறது. அந்த "ஆனால்" தன் உள்ளத்திலிருந்து வருகிறதா, தன் கையில் இருக்கும் திரையிலிருந்து வருகிறதா என்று ஒருமுறை சோதித்துவிட்டுச் சொல்லுங்கள் என்பதே நம் வேண்டுகோள்.

துணைவரிடம் ஒன்று பிடிக்கவில்லை என்றால் பிடித்த மற்றொன்று இருக்கும் என்பது நபிமொழியின் கருத்து. அந்த மற்றொன்றைத் தேடுபவர்கள் பெரிய நிகழ்ச்சிகளில் தேட வேண்டாம். நேற்று நீங்கள் போகிறபோக்கில் சொன்ன எதையாவது இன்று அவர் நினைவில் வைத்திருந்தாரா என்று பாருங்கள். வீட்டு அலமாரியில் தேடுங்கள்.